யானையை எந்த ஷாட்டில் காட்டுவது? (குருடர்களும் யானையும், 5–8 வயது, மூன்று நிமிடம்)

கோட்டோவியன், ஜூன் 4, காலை 10.15

குருடர்கள் யானையைத் தடவிப் பார்த்த கதையை மூன்று நிமிட அனிமேஷனாகச் செய்கிறோம். பார்க்கப்போவது ஐந்திலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகள். ஸ்டோரிபோர்டு என் பொறுப்பு, நரேஷனையும் நானே எழுதுகிறேன். கைக்கு வந்த ஸ்கிரிப்டில் முதல் ஷாட்டிலேயே யானை முழுசாக வந்து நிற்கிறது. "ஒரு ஊரில் ஒரு யானை இருந்ததாம்" என்று நரேட்டர் ஆரம்பிக்கிறார். அப்புறம் ஆறு பேர் வரிசையாக வந்து, தொட்டு, ஆளுக்கொன்றாக உளறுகிறார்கள்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. கடைசி ஒரு நிமிடத்துக்கு முன்னால் யானை திரையில் முழுசாகத் தெரியவே கூடாது, நரேட்டர் வாயில் அந்தச் சொல்லும் வரக் கூடாது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பேனல் இன்னும் வரையத் தொடங்கவில்லை.

ராஜபார்ட், ஜூன் 4, காலை 11.02

தப்பு. சின்னப் பிள்ளைகளுக்கு மர்மம் வேண்டாம். பாத்திரத்துக்குத் தெரியாதது தனக்குத் தெரியும் என்பதில்தான் அவர்களுக்குக் குஷியே. நான் பொம்மலாட்டம் நடத்துகிறவன். புலி பின்னால் வரும்போது "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று கொட்டகையே அலறும். யானையை முதலிலேயே காட்டுங்கள். "அது தூண் இல்லடா, கால்!" என்று பிள்ளைகள் கத்தட்டும்.

கோட்டோவியன், ஜூன் 4, மதியம் 1.30

கத்துவார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதற்காகக் கத்துகிறார்கள் என்று பாருங்கள். புலிக் கதையில் பாத்திரத்தைக் காப்பாற்றக் கத்துகிறார்கள். இங்கே "உனக்கு இதுகூடத் தெரியலையா" என்று கத்துவார்கள். கதை சொல்ல வந்ததே அதற்கு நேர் எதிரானது.

இந்த வயதுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. 1988இல் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். குழந்தையிடம் ஒரு விலங்கின் முழுப் படத்தைக் காட்டுவார்கள். பிறகு அதை மூடி, ஒன்றும் புரியாத சின்னத் துண்டு மட்டும் தெரியும்படி வைப்பார்கள். "இப்போதுதான் உள்ளே வரும் ஒருவருக்கு இது என்னவென்று தெரியுமா?" என்று கேட்பார்கள். நாலு வயசுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தெரியும் என்பார்கள். முழுப் படம் தன் மனதில் ஏறிவிட்டதால், அந்தத் துண்டைத் துண்டாகவே அவர்களால் பார்க்க முடிவதில்லை. ஆறு வயதை ஒட்டித்தான் இது பலருக்கும் பிடிபடுகிறது.

அடுத்த படி அதைவிடக் கடினம். ஒரே பொருளை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, இருவரும் நியாயமாகவே பேச முடியும் என்பது அந்தப் படி. 1996இல் கார்பெண்டேலும் சாண்ட்லரும் இதை ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளிடம்தான் சோதித்தார்கள். ஐந்து வயதில் இது பெரும்பாலும் வருவதில்லை, ஏழு எட்டில் வருகிறது. நம் பார்வையாளர்கள் அப்படியே அந்த வயது.

முதல் ஷாட்டில் யானையைக் காட்டிவிட்டால், ஐந்து வயசுக்காரனுக்கு அந்த ஆறு பேரும் முட்டாள்கள், கதை முடிந்தது. அவனையும் ஏழாவது ஆளாக உள்ளே தள்ளினால்தான், "எனக்கும் தூண் மாதிரிதானே இருந்தது" என்ற இடத்துக்கு வருவான்.

ரெண்டுவாண்டு அம்மா, ஜூன் 4, மாலை 6.20

என் மகன் பள்ளி ஆண்டு விழாவில் இதே கதையை நாடகமாகப் போடுகிறார்கள். யானைக்குள் ரெண்டு பேர் நிற்க வேண்டுமாம். அட்டை எவ்வளவு தடிமனாக வாங்கினால் மடங்காமல் நிற்கும்? அவன் பின்னங்கால்.

பழைய பென்சில், ஜூன் 4, இரவு 9.45

அம்மா, அட்டை வேண்டாம், துணியும் மூங்கில் வளையமும் போதும். பின்னங்கால் பையனுக்கு மூச்சுவிட இடம் வையுங்கள்.

தம்பி கோட்டோவியன், மறைப்பது என்று முடிவெடுத்துவிட்டால் அதை ஃப்ரேமில் எப்படி மறைப்பாய்? அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குளோசப் வைத்தால் போதும் என்று நினைப்பார்கள். காதின் விளிம்பு ஒரு ஓரத்தில் வளைந்து தெரிந்தாலே போச்சு, மூணு வயசுப் பிள்ளையும் சொல்லிவிடும். கால் என்றால் நகம் காட்டிக்கொடுக்கும், வால் என்றால் நுனிக் குஞ்சம். உருவத்தின் வெளிக்கோடு ஃப்ரேமுக்குள் வரவே கூடாது. தோல் நான்கு ஓரத்தையும் தாண்டிப் போக வேண்டும். வாலில் மட்டும் அது முடியாது, மெலிசு. அங்கே கைப்பிடிக்கு மேலும் கீழும் ஃப்ரேம் வெட்டட்டும், குஞ்சம் கீழே வெளியே போகட்டும்.

இன்னொன்று. எல்லாத் தொடும் ஷாட்டிலும் கை ஒரே அளவில் இருக்க வேண்டும். காதுக்கு ரொம்பக் கிட்டப் போய், காலுக்குத் தள்ளி நின்றால், பிள்ளையால் துண்டுகளை மனதில் ஒட்ட முடியாது. கைதான் அவனுக்கு அளவுகோல்.

மூன்றாவது, யானை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இப்போதே முடிவெடு. வலப்பக்கம் என்றால் காதைத் தொடுகிறவன் எப்போதும் திரையின் வலது, வாலைத் தொடுகிறவன் எப்போதும் இடது. சண்டைக் காட்சியிலும் அதே வரிசை. யாரும் பக்கம் மாறக் கூடாது. கடைசியில் கேமரா பின்வாங்கும்போது ஒவ்வொருவரும் தான் சொன்ன இடத்துக்கு நேராக நிற்பது தெரிய வேண்டும், அப்போதுதான் அந்த ஷாட்டுக்குப் பலன்.

கோட்டோவியன், ஜூன் 5, காலை 8.10

அளவு விஷயம் அருமை அண்ணா. கை அளவை மாதிரித் தாளிலேயே பூட்டிவிடுகிறேன்.

ஆறு பேரை நாலாகக் குறைக்கிறேன். மூன்று நிமிடத்தில் ஆறு தடவை ஒரே அமைப்பு வந்தால் நாலாவதில் பிள்ளை எழுந்து போய்விடும். கால், காது, வால், வயிறு ஆகியவற்றை வைத்துக்கொள்கிறேன். தந்தத்தை எடுத்துவிட்டேன், ஈட்டி என்று ஆயுதம் எதற்கு. தும்பிக்கை அசைந்தாலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால் அது கடைசிக்கு.

உவமைகளையும் மாற்ற வேண்டும். பாலி மொழி உதான நூலில் இந்தக் கதை இருக்கிறது. சாவத்தி நகரத்து அரசன் பிறவிக் குருடர்களைக் கூட்டி யானையைத் தொடச் சொல்வான். அங்கே காது முறம், தலை பானை, உடல் களஞ்சியம், வால் உலக்கை, பின்பகுதி உரல். முறமும் உலக்கையும் தெரியாத பிள்ளைகளிடம் அவற்றைச் சொன்னால் படம் நின்று பாடம் நடக்கும். காதுக்கு விசிறி, வாலுக்குக் கயிறு, வயிற்றுக்குச் சுவர், காலுக்குத் தூண் என்று போகிறேன்.

திரைவாசிப்பான், ஜூன் 5, காலை 10.40

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. இந்தக் கதை வரும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். எந்தப் பார்வையற்றவரும் ஒரு பொருளில் ஓரிடத்தில் கை வைத்துவிட்டு "தூண்" என்று முடிவு கட்டமாட்டார். கை மேலே போகும், கீழே போகும், சுற்றி வரும், விளிம்பைத் தேடும். தட்டிப் பார்ப்போம், சூடா குளிரா என்று பார்ப்போம், பக்கத்தில் இருப்பவரைக் கேட்போம். கண் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொடும்போதுதான் கையை ஓரிடத்தில் வைத்துவிட்டு நிற்பார்கள்.

கதையில் குருடர்கள் உருவகம் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். ஐந்து வயசுப் பிள்ளை உருவகம் பார்க்காது. "கண் தெரியாதவங்க தப்பா சொல்லுவாங்க" என்றுதான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் என்னைத் தெருவில் பார்க்கும்.

கோட்டோவியன், ஜூன் 5, மதியம் 12.15

இதைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. நீங்கள் சொன்ன இரண்டும் இரண்டு பிரச்சினை, இரண்டும் நிஜம்.

கைவசம் ஒரு வழி இருக்கிறது, புதிதும் இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ரூமி தன் மஸ்னவியில் இதே கதையைச் சொல்லும்போது குருடர்களை எடுத்துவிட்டார். இருட்டு வீட்டுக்குள் யானை நிற்கிறது, பார்க்க வந்தவர்கள் கண் தெரியாமல் கையால் தடவுகிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுவத்தி இருந்திருந்தால் பேச்சில் வேற்றுமையே இருந்திருக்காது என்கிறார். நாலு பிள்ளைகள், ஒரு இருட்டுக் கொட்டகை, கடைசியில் ஒரு விளக்கு. கேமரா பின்வாங்கக் காரணமும் தானாகக் கிடைத்துவிடுகிறது.

ராஜபார்ட், ஜூன் 5, மதியம் 12.50

அப்போ இது "குருடர்களும் யானையும்" இல்லையே. வேறு கதை. தெரிந்த கதை என்று நம்பிப் படத்தைப் போடுகிற தாத்தா பாட்டிக்கு என்ன சொல்வீர்கள்?

பழைய பென்சில், ஜூன் 5, மாலை 4.00

எழுநூறு வருஷத்துக்கு மேல் பழசான கதையை வேறு கதை என்று சொல்லாதே ராஜபார்ட்.

எனக்குக் கவலை வேறு. முக்கால் படம் இருட்டு. சின்னப் பிள்ளைகளில் இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் பலர். கைப்பேசியில், வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கோ ஒன்றுமே தெரியாது. திரையில் தன் முகம்தான் தெரியும்.

கோட்டோவியன், ஜூன் 6, காலை 7.30

இருட்டைக் கறுப்பாக வைக்கப்போவதில்லை. ஆழ்ந்த நீலம், பிள்ளைகள் நாலு பேரும் அதில் தெளிவாகத் தெரிவார்கள். கை படும் இடத்தில் மட்டும் உள்ளங்கையைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் தோல் தெரியும். தொட்டு முடித்ததும் அந்தப் பிள்ளை மனதில் நினைப்பது பளிச்சென்ற மெழுகுக் கிரேயான் படமாக விரியும். மீனாவுக்கு மஞ்சள் தூண், கதிருக்குப் பச்சை விசிறி என்று ஆளுக்கொரு நிறம். சண்டையின்போது தலைக்கு மேல் அந்த நிறங்கள் மோதிக்கொள்ளும்.

மூன்று நிமிடத்தைப் பிரித்தால் தொடக்கம் 25 விநாடி, நாலு பேர் தொடுவது ஆளுக்கு 18 வீதம் 72, சண்டை 25, விளக்கு வந்து கேமரா பின்வாங்குவது 20, மிச்சம் 38.

மீனாவின் 18 விநாடி இப்படி:

ஷாட் 6, 4 விநாடி. மீனா நீல இருட்டில் மெல்ல நடக்கிறாள். நரேஷன்: "மீனா மெல்ல முன்னே போனாள். கையை நீட்டினாள்."

ஷாட் 7, 6 விநாடி. உள்ளங்கை, சுருக்கம் விழுந்த சாம்பல் தோல். கை மேலே போகிறது, கீழே வருகிறது. நரேஷன் இல்லை. கை உரசும் ஓசை மட்டும்.

ஷாட் 8, 3 விநாடி. மீனாவின் முகம். யோசிக்கிறாள்.

ஷாட் 9, 5 விநாடி. மஞ்சள் தூண் விரிகிறது. மீனா: "தூண்! இது தூண்தான்!"

ஷாட் 7இல்தான் எல்லாரும் என்னோடு சண்டை போடுகிறார்கள். ஆறு விநாடி பேச்சே இல்லாமல் விடுவதா என்கிறார்கள். அந்த ஆறு விநாடியில் பார்க்கும் பிள்ளை தானாக ஊகிக்க வேண்டும். அங்கே நரேட்டர் பேசினால் ஊகம் செத்துவிடும்.

திரைவாசிப்பான், ஜூன் 6, காலை 9.05

கை மேலும் கீழும் போவதை வைத்ததற்கு நன்றி. ஆனால் இன்னும் ஒரு கேள்வி நிற்கிறது. அவ்வளவு தடவுகிறவள் ஏன் நிறுத்துகிறாள்? இன்னும் இரண்டு அடி போனால் வயிறு தட்டுப்படுமே.

யானையை நகர விடுங்கள். அது உயிருள்ளது, சும்மா நிற்காது. காது விசிறிக்கொண்டு விலகும், வால் உருவிக்கொண்டு போகும், கால் தூக்கி வேறிடத்தில் வைக்கும். தொட்டது கையைவிட்டுப் போய்விடுகிறது, அதனால் அவ்வளவுதான் தெரிந்தது. அப்போது பிள்ளைகள் அரைகுறையாகத் தொட்டார்கள் என்று ஆகாது. கிடைத்தது அவ்வளவே என்று ஆகும்.

கோட்டோவியன், ஜூன் 6, காலை 9.20

இதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மீனா "தூண்தான்" என்றதும் தூண் மேலே எழும்பிப் போய்விடுகிறது. எட்டு வயசுப் பிள்ளை அங்கேயே நிமிர்ந்து உட்காரும்.

வயிறு மட்டும் நகராது, ஆனால் மூச்சு விடும். சுவரில் காது வைக்கும் பையன் கொஞ்சம் விழிக்கட்டும், ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஒலிக்கூடம், ஜூன் 6, இரவு 8.30

ஒலிப்பதிவு பக்கத்திலிருந்து. தொடக்கத்தில் தூரத்தில் மணிச் சத்தம் ஒன்று வைக்கலாமா? "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு துப்பு கிடைக்கும்.

நரேஷனைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்ச்சொல்லைக் கவனியுங்கள். ஸ்கிரிப்டில் "மீனா காலைத் தொட்டாள்", "கதிர் காதைப் பிடித்தான்" என்று இருக்கிறது. காது, கால், வால் என்று நரேட்டர் சொன்ன நொடியில் இது ஒரு விலங்கு என்று தெரிந்துவிடும். படத்தில் எவ்வளவு மறைத்தும் பயனில்லை. நம் பேச்சில் செயப்படுபொருளை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிற்கும், அதைப் பயன்படுத்துங்கள். "கையை நீட்டினான். ஏதோ தட்டுப்பட்டது." போதும்.

வினைச்சொல் நம்மிடம் கடைசியில் வருவதையும் கணக்கில் எடுங்கள். "இருட்டில் தடுமாறி, மூலைக்குப் போய், மெல்லக் கையை நீட்டிய கதிர் பிடித்தான்" என்று நீட்டினால், பிடிப்பது திரையில் முடிந்து ஒரு விநாடி கழித்துத்தான் காதில் விழும். எச்சமாக எச்சமாகக் கோக்காமல் உடைத்துவிடுங்கள். ஒரு ஷாட்டுக்கு ஒரு வினைமுற்று.

மொத்த நரேஷன் நூறு, நூற்றிருபது சொல்லுக்குள் அடங்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு அது குறைச்சல் என்று தோன்றும். ஸ்கிராட்ச் டிராக்கை, அதாவது தற்காலிக நரேஷனை, உங்கள் குரலிலேயே பதிந்து, பேனல்களை நேரக் கணக்கில் ஓடவிடும் அனிமேட்டிக்கில் ஒட்டிப் பாருங்கள், எங்கே நெரிசல் என்று உடனே தெரியும்.

பழைய பென்சில், ஜூன் 6, இரவு 9.10

மணி வேண்டாம். அந்தப் பழமொழி தெரிந்த பிள்ளைக்கு அது துப்பு இல்லை, விடை.

ஒலிக்கூடம், ஜூன் 6, இரவு 9.25

சரி, மணியைக் கேமரா பின்வாங்கும் ஷாட்டுக்குக் கொண்டுபோகிறேன். அங்கே ஒரே ஒரு தடவை.

கோட்டோவியன், ஜூன் 9, காலை 10.00

அனிமேட்டிக் தயார். பின்வாங்கும் ஷாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், அடுத்தவர்களுக்கும் உதவும்.

வயிற்றுச் சுவரில் தொடங்கி 6 விநாடியில் முழு யானைக்கு வருகிறோம், விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 144 ஃப்ரேம். தொடக்கத்தில் ஃப்ரேம் மொத்தப் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. கடைசிப் படம் 1920 பிக்சல் அகலம் என்றால், யானை ஓவியம் 9600 பிக்சல் அகலத்தில் இருந்தால்தான் தொடக்கம் மங்காது. அதைவிடப் பெரிய தொல்லை கோட்டின் தடிமன். கிட்டே அழகாகத் தெரிந்த தோல் சுருக்கம், தூரப் போகும்போது மயிரிழையாகி மினுமினுக்கிறது. ஆகவே இரண்டு ஓவியம். கிட்டப் பார்வைக்கு ஒன்று, தூரப் பார்வைக்குச் சுருக்கம் குறைத்துக் கோடு தடித்த இன்னொன்று. நடுவில், கேமரா வேகமாக நகரும் இடத்தில், ஒன்று மறைந்து மற்றது வருகிறது. கண்ணுக்குத் தட்டுப்படவில்லை.

அந்த ஷாட்டில் நரேஷன் கிடையாது. முழு யானை வந்து நின்ற பிறகும் 2 விநாடி யாரும் பேசுவதில்லை. "யானை!" என்று முதலில் சொல்வது பார்க்கும் பிள்ளையாக இருக்க வேண்டும்.

கோட்டோவியன், ஜூன் 12, மாலை 5.45

தெரிந்த பிள்ளைகள் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். சண்டைக் காட்சி முடிந்ததும் படத்தை நிறுத்தி "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டேன். பெரிய பிள்ளைகள் யானை என்றார்கள். ஒரு ஐந்து வயசுக்காரி "தூணும் இருக்கு, விசிறியும் இருக்கு, எல்லாம் இருக்கு" என்றாள்.

படம் முடிந்ததும் "மீனா ஏன் தூண்னு சொன்னா?" என்று கேட்டேன். "அவ கால்கிட்ட இருந்தா" என்று சொன்னால் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. "அவளுக்குத் தெரியல" என்றால் பாதி. "அவ மக்கு" என்றால் சேரவில்லை. கடைசிப் பதில் எனக்கு வரவில்லை. ஆனால் எல்லாரும் எங்களைத் தெரிந்த பிள்ளைகள், இதை வைத்து முடிவுக்கு வரமாட்டேன்.

தமிழாசிரியை, ஜூன் 12, இரவு 7.00

எல்லாம் சரி, கடைசி 38 விநாடியில் நீதியைச் சொல்வீர்களா மாட்டீர்களா? வகுப்பில் காட்டுகிற எனக்கு அது வேண்டும். "எல்லாரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்" என்று ஒரு வரி வைத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

கோட்டோவியன், ஜூன் 12, இரவு 7.40

டீச்சர், அந்த வரியை வைக்கவில்லை. அதற்குப் பதில் செயலாக வைத்திருக்கிறேன். விளக்கு வந்த பிறகு பிள்ளைகள் இடம் மாறுகிறார்கள். மீனா காதுப் பக்கம் போகிறாள், விசிறி விசிறுகிறது, கதிரைப் பார்த்து "ஆமா, விசிறிதான்!" என்கிறாள். கதிர் காலைக் கட்டிப்பிடித்து "தூண்தான்!" என்கிறான். கடைசியில் தும்பிக்கை வந்து மீனாவின் தலையைத் தடவுகிறது, இப்போது யானை அவளைத் தொட்டுப் பார்க்கிறது. நரேட்டருக்கு அங்கே சொல் இல்லை.

தமிழாசிரியை, ஜூன் 12, இரவு 8.15

ஏழு, எட்டு வயசுக்கு அது போதும். ஐந்து வயசுக்குப் போதாது என்றுதான் இன்னும் சொல்வேன். நீங்கள் வைக்காவிட்டால் படம் முடிந்ததும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ராஜபார்ட், ஜூன் 13, காலை 9.30

யானையைக் கடைசிவரை மறைக்கிறீர்கள், சரி. படத்தின் தலைப்பு "குருடர்களும் யானையும்" என்று வந்தால்? இணையத்தில் ஏற்றும்போது வைக்கும் சிறுபடத்தில் யானை நின்றால்?

கோட்டோவியன், ஜூன் 13, காலை 10.10

தலைப்பு "கொட்டகைக்குள் என்ன?" என்று மாற்றியாயிற்று. சிறுபடத்துக்கு ஷாட் 7இலிருந்து கையும் தோலும் கொடுத்திருக்கிறேன். யானை இல்லாத படத்தை யார் தட்டிப் பார்ப்பார்கள் என்று வெளியிடுகிறவர்கள் கேட்கிறார்கள். நாலு பிள்ளைகளும் நாலு நிறக் கிரேயான் படங்களும் உள்ள இன்னொன்றை வரைந்து அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.